நூற்றுப் பத்தொன்பதாவது பொருள்

எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு காரணங்கள் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது நாட்களில் வந்த கோபம் வேறு வகை. அது என் வீட்டு வாசலில், இரண்டு முழங்கால்களையும் கையால் அழுத்திப் பிடித்தபடி படியேறி வந்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். நான் அங்கே பள்ளிக்கூட அதிபராக இருந்தபோது அவளுடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம் படித்தார்கள். மாத்தளை டவுனில் என் வீட்டைத் தேடிப் பிடிக்க இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"சேர், எனக்கு வயசு அறுபத்தொண்ணு. கார்டுல அம்பத்தஞ்சுன்னு இருக்கு."

அடையாள அட்டையை நீட்டினாள். பழைய அட்டை. அதன் இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அவளைக் கேட்காமலே யாரோ ஒரு கிளாக்கர் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த வருடம். ஆறு வருடம் இளமையாக்கிவிட்டார். அறுபது ஆனால்தான் தோட்டத்தில் ஓய்வு. அட்டையின் கணக்கில் அவள் இன்னும் ஐந்து வருடம் மலையேற வேண்டும். பிறப்பு பதியப்படவே இல்லை. காலம் கடந்து பதிவதற்குப் போனபோது, படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பில், அதாவது பிள்ளைகளைச் சேர்க்கும்போது எழுதும் பதிவேட்டில், பேர் இருந்தால் அதன் பிரதியை அதிபர் உறுதிப்படுத்தித் தரட்டும் என்று பிரதேச செயலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டு வருசம் படிச்சேன் சேர். ஒண்ணாப்பும் ரெண்டாப்பும். பேர் இருக்கும். ஆனா இடாப்பு இல்லேங்கிறாங்க."

இல்லைதான். இரண்டு வருடத்துக்கு முந்திய மழையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து காரியாலயத்துக்குள் வந்தது. பழைய இடாப்புகள் மூன்றும் கூழாகிவிட்டன.

"இப்ப இருக்கிற அதிபர் சொன்னாங்க, அந்தப் பழைய சேர் எல்லாத்தையும் போட்டோ புடிச்சு வச்சிருக்காருன்னு. நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களாமே."

சொல்வேன். பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில், பென்ஷன்காரர் கூட்டத்தில், பஸ்ஸில். மூன்று இடாப்புகள், ஐந்நூற்று எழுபத்தாறு பக்கங்கள், பள்ளிக்கூடக் கமராவால் நானே எடுத்து, இணையத்தில் படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு தளத்தில் ஏற்றினேன். கூடவே ஒரு சீடியிலும் எழுதிவைத்தேன். அந்த சீடியை அன்று மாலையே அலமாரியிலிருந்து எடுத்தேன். பூஞ்சணம் பிடித்து, வரைபடம் போல வெள்ளையாக ஓடியிருந்தது. கமராவின் மெமரி கார்ட் எங்கே போனதென்று கடவுளுக்கே தெரியாது. மிச்சம் இருந்தது இணையக் கணக்கு ஒன்றுதான்.

அதை எந்த மின்னஞ்சலில் திறந்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள, போன் பேசவும் இணையம் பார்க்கவும் சனம் போகும் கொமியுனிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். இருபது வருடமாக எனக்குப் பழக்கம். மாத்தளையில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவர் அவர்தான். அந்தத் தளத்தைத் திறந்தார். அதன் பேரே மாறியிருந்தது. யாரோ வாங்கிவிட்டார்களாம். முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டி: நீண்ட காலம் திறக்கப்படாத கணக்குகள் இம்மாத இறுதியில் நீக்கப்படும்.

"இன்னைக்கு எத்தனை?" என்றேன்.

"இருபத்தொண்ணு, சேர்."

"அப்ப ஒன்பது நாள் இருக்கு."

"கடவுச்சொல் ஞாபகம் இருக்கா?"

"கடவுச்சொல் ஞாபகமிருக்கு. முகவரிதான் ஞாபகமில்ல."

"எல்லாருக்கும் தலைகீழா மறக்கும். சேருக்கு மட்டும் இப்பிடி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என்னிடம் நான்கு முகவரிகள் இருந்திருக்கின்றன. ஒன்று இந்தக் கடையிலேயே திறந்தது, இன்றும் பாவிக்கிறேன். இரண்டாவது என் மகள் திறந்து தந்தது. மூன்றாவது பள்ளிக்கூடத்து முகவரி. நான்காவது வலயக் கல்வி அலுவலகம் ஒரு பயிற்சியின்போது கொடுத்தது. முதலில் ஒவ்வொன்றோடும் எனக்கு ஞாபகமிருந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தோம். 'முகவரி அல்லது கடவுச்சொல் தவறு' என்று நான்கு முறையும் ஒரே பதில். எது தவறு? முகவரியா, கடவுச்சொல்லா? ஒரு பிள்ளை கணக்கில் பிழைவிட்டால் எந்த வரியில் பிழை என்று காட்டுவதுதான் வாத்தியார் வேலை. இது எந்த ஊர் வாத்தியார்?

பிறகு 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா' என்பதை அழுத்தி முதலாவது முகவரியை அடித்தார். திரையில் எழுத்து வந்தது: இந்த முகவரியில் ஒரு கணக்கு இருந்தால், அதற்கு ஒரு கடிதம் அனுப்பியுள்ளோம்.

"இருந்தால்னா? இருக்கா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சேர். சொல்ல மாட்டாங்க. கள்ளன் வந்து ஒவ்வொரு முகவரியா அடிச்சுப் பார்த்து, யார் யாருக்குக் கணக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சிருவான்ல."

"நான் கள்ளனா?"

"இல்ல சேர். ஆனா அது அவனுக்குத் தெரியாதே."

பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். கடிதம் வரவில்லை. தேவையற்ற கடிதங்கள் போய் விழும் பெட்டியிலும் பார்த்தார். இல்லை. மகள் திறந்து தந்த முகவரிக்கும் அப்படியே. அதன் கடவுச்சொல்லை மகளிடம் போனில் கேட்டு வாங்கினோம். "அப்பா, இதை எங்கயாச்சும் எழுதி வைக்கலியா?" என்றாள். எழுதாமல் நான் எதையாவது விட்டிருக்கிறேனா என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பள்ளிக்கூடத்து முகவரியை இப்போதைய அதிபரே திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்றார். வலய அலுவலகத்து முகவரி எப்போதோ செத்துவிட்டது. அதைத் திறக்கவே வழியில்லை. நான்கு 'இருந்தால்'கள். ஒரு கடிதமும் இல்லை.

அந்த நான்காவதுதான் போலிருக்கிறது, போய்விட்டது, என்று எழுந்தேன். கடைக்காரர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அவசரப்படாதீங்க. கணக்குத் திறந்தா ஒரு வரவேற்புக் கடிதம் கட்டாயம் வரும். அது எந்தப் பெட்டில கெடக்குன்னு பாப்போம். சேரோட பெட்டில எத்தன கடிதம் இருக்கு?"

"படிக்காதது ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு."

"படிக்காததயே எண்ணி வச்சிருக்கீங்க!"

"மேலே போட்டிருக்கே."

தளத்தின் பெயரைத் தேடும் இடத்தில் அடித்தார். ஒன்றும் இல்லை. எனக்கு அந்த நிமிடத்தில் அந்தக் கணினியைத் தூக்கி ரோட்டில் வீச வேண்டும் போலிருந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யா அல்லா, நானும் ஒரு ஆள். இது புதுப் பேரு. அந்தக் காலத்துல வேற பேருல்ல?"

பழைய பேரை அடித்தார். இரண்டு கடிதங்கள் வந்தன.

முதலாவது வரவேற்புக் கடிதம். என் முதலாவது முகவரிக்குத்தான் வந்திருந்தது. அந்தப் பெட்டியைத்தான் நான் இத்தனை வருடமும் பாவிக்கிறேன். கணக்கு அதில்தான் திறக்கப்பட்டது. அப்படியானால் மீட்புக் கடிதம் ஏன் வரவில்லை?

இரண்டாவது கடிதம் அதற்குப் பதில் சொன்னது. உங்கள் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டுள்ளது. இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் உடனே அறிவியுங்கள். புதிய முகவரியை முழுதாகக் காட்டவில்லை. முதலில் ஆங்கில எம் எழுத்து, பிறகு புள்ளிகள், கடைசியில் ஆறு, இரண்டு.

நான் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய பெயரும் எம்மில்தான் தொடங்குகிறது. கடைப் பலகையில் இருபது வருடமாக அந்த எழுத்து எரிந்துகொண்டிருக்கிறது.

"நீங்க மாத்தினீங்களா?" என்றேன்.

"என்ன சேர்?"

"என்கிட்ட கேக்காம உங்க முகவரிக்கு மாத்திப் போட்டிருக்கீங்க. எத்தனை பேருக்கு இப்பிடிச் செஞ்சிருக்கீங்க? வாசிக்கத் தெரியாத சனங்க நம்பி வருது..."

கடையில் அப்போது நாலு பேர் நின்றார்கள். இன்னும் நிறையச் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அது என்னை மேலும் எரித்தது.

"என் முகவரியப் பாருங்க," என்று ரசீதுப் புத்தகத்தின் தலைப்பைக் காட்டினார். "இதுல எண்ணே இல்ல. அந்தப் புள்ளிக்குப் பொறகு ஆறும் ரெண்டும் இருக்கு. எண்ணுற ஆள் நீங்க, சேர். எண்ணிப் பாருங்க. பொறகு அந்தக் கடிதத்தோட தேதியையும் பாருங்க."

பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற நாள். மாலை மூன்று இருபது.

எழுந்து வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் திட்டியதற்கு நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஓய்வு பெற்ற நாளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதாவது, ஒரு கதிரை வரைக்கும். அதிபர் மாறும்போது பள்ளிக்கூடத்திலுள்ள எல்லாப் பொருட்களையும் பட்டியலிட்டுப் புதியவருக்குக் கையளிக்க வேண்டும். மேசை, கதிரை, கரும்பலகை, மணி, கோப்பை, கத்தரிக்கோல். எங்களிடம் இது சடங்கு மாதிரி. பழையவர் எண்ணிக்கையை வாசிப்பார், புதியவர் தலையாட்டுவார், இருவரும் ஒப்பமிடுவார்கள், தேநீர் குடிப்பார்கள். எனக்குப் பின் பொறுப்பெடுத்தவர் உப அதிபராக இருந்த டீச்சர். யாழ்ப்பாணத்துப் பெண், கல்யாணமாகி யட்டவத்தையில் குடியிருந்தார். அவர் தலையாட்டவில்லை. பட்டியலைக் கையில் வாங்கி, தானே போய், ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். என் எண்ணிக்கையை! முப்பத்தைந்து வருடத்தில் ஒருத்தரும் என் எண்ணிக்கையை மறுபடி எண்ணியதில்லை.

"கதிரை எண்பத்து நாலு எண்டு போட்டிருக்கு, சேர். எண்பத்து மூண்டுதான் இருக்கு."

இன்னொரு தரம் எண்ணினோம். எண்பத்து மூன்று. அவர் பட்டியலில் என் எண்ணை வெட்டி, சிவப்பில் திருத்தினார். மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வெளியே போய் மரத்தடியில் நின்றேன். மிச்சத்தை அவரும் ஒரு இளம் ஆசிரியரும் முடித்துக்கொண்டு வந்து நீட்ட, ஒரு வரிகூட வாசிக்காமல் ஒப்பமிட்டேன். தேநீர் குடிக்கவில்லை. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அந்தப் பெண்ணோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து, கையளிப்புத் தாள்கள் இருந்த ஃபைலை எடுத்தேன். பட்டியலின் கார்பன் பிரதி என்னிடம் இருந்தது. பதினொரு தாள்கள். கடைசித் தாளின் கடைசி வரி, என் கையெழுத்தில்: 119. இணையப் படக் கணக்கு — 1. நிலை: நன்று. கடவுச்சொல் இணைப்பில்.

முகவரி எழுதவில்லை. கத்தரிக்கோலின் நீளத்தைக்கூட எழுதியவன் முகவரியை எழுதவில்லை. எண்ணிக்கை ஒன்று, நிலை நன்று! ஒரு கணக்கை வாளி மாதிரி எண்ணியிருக்கிறேன்.

அந்த வரிக்குக் கீழே டீச்சரின் சின்னச் சின்ன எழுத்து: 'பள்ளிக்கூடக் கணினியில் திறந்தபடியே இருந்த கணக்கு பார்க்கப்பட்டது. 576 படங்கள் உள்ளன. தொடர்பு முகவரி பொறுப்பேற்பவரின் முகவரிக்கு மாற்றப்பட்டது.' அதற்கும் கீழே என் ஒப்பம். நான் வாசிக்காமல் போட்ட ஒப்பம்.

மூன்று நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். அவருடைய பெயர் எம்மில் தொடங்குகிறது, பிறந்த வருடம் அறுபத்திரண்டாக இருக்கலாம், நடுவிலுள்ள புள்ளிகளை நானே நிரப்பிவிடலாம் என்று ஒரு தாளில் பதினேழு முகவரிகள் எழுதிப் பார்த்தேன். நிரப்பியும்தான் என்ன? மீட்புக் கடிதம் அவருடைய பெட்டிக்குத்தானே போகும்? இந்த எளிய விஷயம் பதினெட்டாவதை எழுதத் தொடங்கும்போதுதான் என் மண்டையில் ஏறியது.

நான்காம் நாள் அந்தப் பெண் போன் எடுத்தாள். பின்னால் காற்றுச் சத்தம். மலையில் நின்று பேசினாள்.

"சேர், கெடச்சிச்சா? இன்னைக்கு எறங்கறப்ப விழுந்துட்டேன். ஒண்ணுமில்ல, முழங்கால்தான். கூடை மேல விழுந்ததால தப்பிச்சேன்."

நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போன் அறுந்தது. நாட்காட்டியைப் பார்த்தேன். ஐந்து நாள்.

டீச்சரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய எண்ணை இப்போதைய அதிபரிடம் வாங்கினேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

சொன்னேன்.

"பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு சேருக்கு என்ர ஞாபகம் வந்திருக்கு. கதிரை தேடுறியளோ?"

"கதிரைக்காக எடுக்கல. ஒரு கணக்கு விஷயம். என் கணக்க உங்க பேருக்கு மாத்தியிருக்கீங்க."

"உங்கட கணக்கோ? பள்ளிக்கூடத்துக் கணக்கு, சேர். பட்டியலில நீங்கள்தானே போட்டனீங்கள். கையளிச்ச பொருளின்ர திறப்பு வாங்கினவையிட்டத்தானே இருக்க வேணும்."

நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படுவதுபோல் சிரமமான வேலை வேறில்லை. விஷயத்தைச் சொன்னேன்: மலை, முழங்கால், அட்டை, ஐந்து நாள். அவருடைய குரல் மாறியது.

"ஐயோ, அவவா? கடைசிப் பிள்ளைக்கு நான்தானே படிப்பிச்சனான். கொஞ்சம் பொறுங்கோ... அந்தத் தளத்திலயிருந்து எச்சரிக்கை எண்டு மூண்டு கடிதம் வந்தது, சேர். பேர் தெரியாத பேராக் கிடந்தது. ஆரோ ஏமாத்துறாங்கள் எண்டு திறக்கேல்லை. பழைய பேரில வந்திருந்தால் தெரிஞ்சிருக்கும். கடவுச்சொல்லும் அண்டைக்கே மாத்திப்போட்டன். என்னவெண்டு ஆருக்குத் தெரியும்?"

போனை வைக்காமலே தன் மகளின் கணினியில் மீட்புக் கடிதம் கேட்டார். அதே 'இருந்தால்' அவருக்கும் வந்தது. ஆனால் இந்த முறை அரை நிமிடத்தில் கடிதமும் வந்தது. புதுக் கடவுச்சொல் போட்டார். உள்ளே போனார்.

"ஐந்நூற்று எழுபத்தாறு, சேர். ஒண்டும் குறையேல்லை."

எண்ணித்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே எல்லாப் படங்களையும் எனக்கு அனுப்பிவைத்தார். நான் மறுபடி கொமியுனிகேஷனுக்குப் போனேன். வேறு இடமும் இருக்கிறது. ஆனால் போக வேண்டிய இடம் அதுதான். கடையில் மூன்று பேர் நின்றார்கள். "அன்னைக்கு நான் பேசினது பிழை," என்றேன், அந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி. ஒருவர் குறைவு, நாலாவது ஆளுக்காகக் காத்திருக்க நேரமில்லை. கடைக்காரர், "உக்காருங்க சேர், பெருசாக்கிப் பாப்போம்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது இடாப்பு, முப்பத்தொன்பதாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. அவள் பேர், தகப்பன் பேர், குடியிருந்த லய வீட்டின் இலக்கம், பிறந்த திகதி. அறுபத்தொன்று சரி. அவள் பொய் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் நீல மையில் ஒரு வாத்தியார் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு பிரதி அச்செடுத்தோம். இப்போதைய அதிபர் உறுதிப்படுத்திக் கொடுத்தார்.

படத்தைப் பெரிதாக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. இடாப்பு எதன் மேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது என்பது. காரியாலயத்தில் வெளிச்சம் போதாதென்று, மூன்று பின்னேரங்கள் பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்துத்தான் படமெடுத்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த இடம் பள்ளிக்கூடத்திலிருந்து நூறு அடிதான். பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் ஒரு கதிரையின் மரப்பலகை. மேல் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் பள்ளிக்கூடத்தின் இலக்கம். ஐந்நூற்று எழுபத்தாறு படங்களிலும் அந்தப் பலகை இருக்கிறது. நானே தூக்கிப் போனது. திரும்பத் தூக்கி வந்த ஞாபகம் எனக்கு இல்லை.

பிறப்புப் பதிவு கிடைக்கவும், அட்டை திருத்தவும் ஐந்து மாதமாயின. அவள் ஐந்து மாதமும் மலையேறினாள். அதற்கு நான் யாரைக் கோபிப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. புது அட்டையைத் தோட்டத்துக் காரியாலயத்தில் காட்டிய அன்று அங்கிருந்தே போன் எடுத்தாள்.

"சேர், கூடையக் குடுத்துட்டேன்."

நாட்காட்டியில் அந்தத் திகதியை வட்டமிட்டேன்.

அன்றுதான் டீச்சருக்கு இரண்டாம் முறை போன் எடுத்தேன். செய்தியைச் சொன்னேன். பிறகு, "டீச்சர், அந்தக் கதிரை எண்பத்து நாலுதான்," என்றேன்.

"தெரியும், சேர். அடுத்த கிழமையே பிள்ளைக்காம்பராவில கிடந்து எடுத்தனாங்கள். பட்டியலில திரும்ப எண்பத்து நாலு எண்டு திருத்திப்போட்டன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல?"

"ஒன்பது தரம் எடுத்தனான். நீங்கள்தானே போன் எடுக்கேல்லை."

ஒன்பது. அவர் எண்ணியிருந்தால் அது சரியாகத்தான் இருக்கும்.